புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் போதாது: ஒரு பாடத்திலிருந்து நாமே கேள்வி எழுதுவது எப்படி?

கேள்வி: அடுத்த வாரம் ஒளிச்சேர்க்கை பாடத்தில் வகுப்புத் தேர்வு இருக்கு. படிக்கும்போது எல்லாம் புரியுது, பின்பக்கக் கேள்விகளுக்கும் பதில் தெரியுது. ஆனா தேர்வில் கொஞ்சம் மாத்திக் கேட்டா நின்னுடறேன். நாமே கேள்வி எழுதிப் பார்த்தா சரியாகும்னு சொல்றாங்க, ஆனா நான் எழுதினா "அது என்ன, இது என்ன"ன்னுதான் வருது. எப்படி எழுதணும்?

பதில்:

உங்கள் கேள்விகள் "அது என்ன, இது என்ன" என்றே வருவதற்கு ஒரு காரணம் உண்டு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் படுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வியாகத் திருப்புகிறீர்கள். "இலையில் பச்சையம் இருக்கிறது" என்று ஒரு வரி இருந்தால் "இலையில் என்ன இருக்கிறது?" என்று கேள்வி வருகிறது. அதற்குப் பதில் சொல்ல அந்த வரி ஞாபகம் இருந்தால் போதும். பாடம் புரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆசிரியர் மாற்றிக் கேட்கும்போது அவர் வாக்கியத்தை மாற்றுவதில்லை, நிலைமையை மாற்றுகிறார். ஒரு படியை எடுத்துவிடுவார், ஒரு பொருளை வேறொன்றாக வைப்பார், இரண்டு இடத்தில் படித்ததை ஒன்றாகச் சேர்ப்பார். நீங்களும் அதையே செய்ய வேண்டும்.

எப்படி என்று உங்கள் பாடத்தையே வைத்துப் பார்க்கலாம். முழுப் பாடத்தையும் எடுக்காமல் ஒரே ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் தேவை என்று காட்டுகிற கறுப்புத் தாள் சோதனை. ஏறக்குறைய எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும்.

சோதனை இதுதான். தொட்டிச் செடி ஒன்றை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைக்கிறார்கள். அப்புறம் ஓர் இலையின் நடுவில், மேலும் கீழும், கறுப்புத் தாள் துண்டை ஒட்டிச் செடியைச் சில மணி நேரம் வெயிலில் வைக்கிறார்கள். இலையைப் பறித்து, தாளை எடுத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போடுகிறார்கள். பிறகு ஆல்கஹால் உள்ள குழாயில் இலையைப் போட்டு அந்தக் குழாயைச் சுடுதண்ணீருக்குள் நிறுத்துகிறார்கள், இலை வெளுத்துவிடுகிறது. வெந்நீரில் அலசி, மேலே அயோடின் ஊற்றினால், வெயில் பட்ட பகுதி கருநீலமாகிறது. தாள் மூடியிருந்த பகுதி அயோடினின் பழுப்பு நிறத்திலேயே நிற்கிறது. ஸ்டார்ச் இருந்தால் அயோடின் கருநீலமாகும், ஆகவே வெளிச்சம் பட்ட இடத்தில்தான் ஸ்டார்ச் உண்டாகியிருக்கிறது.

இதை நாலு தடவை படித்தால் நன்றாகப் புரிந்த மாதிரிதான் இருக்கும். இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, சோதனையின் படிகளை மட்டும் ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: இந்தப் படியை விட்டுவிட்டால் கடைசியில் இலை எப்படித் தெரியும்?

"எப்படித் தெரியும்" என்று கேட்பதைக் கவனியுங்கள். "ஏன் செய்கிறோம்" என்று கேட்டால் புத்தக வரி ஒன்று வந்து விழுந்துவிடும். என்ன தெரியும் என்று கேட்டால் காரணத்தைப் பிடித்துக்கொண்டு விளைவு வரைக்கும் நடந்தாக வேண்டும்.

முதல் படி, இருட்டில் வைப்பது. அதை விட்டுவிட்டால்? இலையில் முந்தின நாள் உண்டான ஸ்டார்ச் அப்படியே இருக்கும். தாள் ஒட்டிய பகுதியிலும் அது இருக்கும். அயோடின் ஊற்றினால் இரண்டு பகுதியும் கருநீலமாகிவிடலாம், அப்போது வெளிச்சத்தைப் பற்றி நம்மால் ஒன்றுமே சொல்ல முடியாது. இருட்டில் இருக்கும்போது செடி சேர்த்து வைத்த ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கி எடுத்துச் செலவழித்துவிடுகிறது, அதனால்தான் அந்த இருட்டு. பாருங்கள், "இலையில் உள்ள ஸ்டார்ச்சை நீக்குவதற்காக" என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்திருந்தவர்களில் எத்தனை பேரால் இரண்டு பகுதியும் கருநீலமாகும் என்று சொல்ல முடியும்?

ஆல்கஹால் படியை விட்டுவிட்டால்? பச்சையம் இலையிலேயே இருக்கும். ஸ்டார்ச் இருந்தாலும் அந்தப் பச்சைக்குள் நிற மாற்றம் சரியாகத் தெரியாது. இங்கே கிளைக் கேள்வி ஒன்றும் பிறக்கிறது: ஆல்கஹாலை ஏன் நேராகத் தீயில் சூடாக்காமல் சுடுதண்ணீருக்குள் வைக்கிறோம்? ஆல்கஹால் சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பது பதில். இது சின்னக் கேள்விதான், ஒரு மதிப்பெண் கேள்வியாக அடிக்கடி வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிநீரில் போடுகிற படியை விட்டுவிட்டால் என்ன என்று கேட்கும்போது பலர் திணறுவார்கள். இலையின் செல்கள் அங்கேதான் உடைகின்றன, அதனால்தான் பிறகு அயோடின் உள்ளே போய் ஸ்டார்ச்சைத் தொட முடிகிறது. அந்தப் படி இல்லையென்றால் உள்ளே ஸ்டார்ச் இருந்தும் நிறம் சரியாக வராமல் போகலாம். உங்களுக்கு இந்த இடத்தில் பதில் வரவில்லை என்றால் நல்லதுதான், படித்தபோது வழுக்கிக்கொண்டு போன இடம் தேர்வுக்கு முன்பே அகப்பட்டுவிட்டது.

ஒரே சோதனையிலிருந்து மூன்று நான்கு கேள்விகள் வந்துவிட்டன. இனி அடுத்த வழி: படியை எடுப்பதற்குப் பதிலாக ஒரு பொருளை மாற்றுவது. கறுப்புத் தாளுக்குப் பதில் அதே அளவில் நிறமில்லாத கண்ணாடித்தாளை ஒட்டினால் என்ன ஆகும்? வெளிச்சம் உள்ளே போகும், ஆகவே அந்தப் பகுதியும் கருநீலமாகும் என்று எழுதுவீர்கள். சரி, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள். கறுப்புத் தாள் ஒட்டிய இடத்தில் வெளிச்சம் மட்டுமா தடைப்பட்டது? காற்றும்தான் ஓரளவு தடைப்பட்டிருக்கும். கார்பன் டை ஆக்சைடு கிடைக்காததால்தான் அங்கே ஸ்டார்ச் உண்டாகவில்லை என்று ஒருவர் வாதாடினால் அவருக்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்? அதே இலையில் பக்கத்திலேயே கண்ணாடித்தாளையும் ஒட்டிப் பார்க்க வேண்டும். அதன் கீழே கருநீலம் வந்துவிட்டால், தாள் ஒட்டியதால் காற்று நின்றுபோனது காரணமாக இருக்க முடியாது, வெளிச்சம் இல்லாததுதான் காரணம். அங்கேயும் நிறம் வரவில்லை என்றால் நம் சோதனையைத்தான் சந்தேகப்பட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வகைக் கேள்வி இது. புத்தகம் முடிவைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது, அந்த முடிவுக்கு வர நமக்கு உரிமை இருக்கிறதா என்று இந்தக் கேள்விதான் பார்க்கிறது.

மூன்றாவது வழி, பாடத்தில் தனித்தனியாக இருக்கிற இரண்டைச் சேர்ப்பது. பச்சையம் தேவை என்று காட்ட, பச்சையும் வெள்ளையுமாக இருக்கிற இலையை வைத்து இன்னொரு சோதனை இருக்கும். அந்த இலையை எடுத்துக்கொண்டு, பச்சைப் பகுதியில் பாதியும் வெள்ளைப் பகுதியில் பாதியும் மூடும்படி கறுப்புத் தாளை ஒட்டினால் இலையில் நான்கு பகுதிகள் கிடைக்கும். எந்தப் பகுதி கருநீலமாகும்? மூடாத பச்சை மட்டும். மூடிய பச்சையில் பச்சையம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. மூடாத வெள்ளையில் வெளிச்சம் இருக்கிறது, பச்சையம் இல்லை. மூடிய வெள்ளையில் இரண்டுமே இல்லை. இதோடு நிறுத்தாமல் ஒன்று கேளுங்கள்: இந்த நான்கில் எந்த இரண்டை ஒப்பிட்டால் வெளிச்சம் தேவை என்று தெரியும்? மூடிய பச்சையையும் மூடாத பச்சையையும்தான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அவற்றில் வெளிச்சம் மட்டும்தான் வேறுபடுகிறது. மூடிய பச்சையையும் மூடாத வெள்ளையையும் ஒப்பிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் ஆசிரியர் "கொஞ்சம் மாற்றி" கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கேள்வியாகத்தான் இருக்கும்.

அதற்காக "என்றால் என்ன" கேள்விகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வரையறையும் தேர்வில் வரும், அது தெரியாமல் மேலே உள்ள எதற்கும் பதில் எழுதவும் முடியாது. ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு கேள்வி எழுதினால் மூன்று நான்கு அந்த வகையில் இருக்கட்டும். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், புத்தகத்திலிருந்து ஒரே வாக்கியத்தை எடுத்து ஒட்டினால் முழுப் பதில் ஆகிவிடுகிறதா என்று பாருங்கள். ஆகிவிட்டால் அது ஞாபகக் கேள்வி. இரண்டு இடத்திலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தால், அல்லது புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை நீங்களே உண்டாக்க வேண்டியிருந்தால், அது புரிதலைப் பார்க்கிற கேள்வி.

"ஒளிச்சேர்க்கையை விளக்குக" மாதிரிக் கேள்விகளை எழுதவே வேண்டாம். அதற்கு எது எழுதினாலும் சரி என்று தோன்றும், எங்கே விட்டோம் என்று தெரியாது. ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியும் அப்படித்தான், தெரியாமலேயே பாதி நேரம் சரியாகிவிடும். ஆம் இல்லை கேள்வி வந்துவிட்டால் கூடவே "எப்படித் தெரியும்?" என்று சேர்த்துவிடுங்கள்.

உங்கள் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் இருந்தால் அவற்றையும் எழுதிப் பாருங்கள். சரியான விடையை எழுதுவது சுலபம், தவறான மூன்றை எழுதுவதில்தான் வேலை. "பகலில் செடி எந்த வாயுவை உள்ளே எடுக்கிறது?" என்று எழுதிவிட்டு ஹைட்ரஜன், ஹீலியம் என்று போட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். நிஜமாகக் குழப்புகிற விடை எங்கே இருக்கிறது? செடி பகலில் ஒளிச்சேர்க்கை மட்டும் செய்கிறது, இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுவாசம் பகல், இரவு இரண்டிலும் நடக்கிறது. ஆகவே "செடியில் சுவாசம் எப்போது நடக்கிறது?" என்று கேட்டு "இரவில் மட்டும்" என்பதை ஒரு விடையாகப் போடுங்கள். பாடத்தில் நீங்களே ஒரு தடவையாவது குழம்பிய இடம் எதுவோ அதுதான் நல்ல தவறான விடையாக அமையும்.

கணக்குப் பாடத்துக்கு இதே எண்ணம் வேறு உருவில் வரும். அங்கே கொடுத்ததையும் கேட்டதையும் இடம் மாற்ற வேண்டும். செவ்வகத்தின் நீளம் 12, அகலம் 5, மூலைவிட்டம் என்ன என்று புத்தகத்தில் இருந்தால் பதில் 13. இதைத் திருப்பி, மூலைவிட்டம் 13, பரப்பு 60, சுற்றளவு என்ன என்று கேளுங்கள். நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாகத் தேடாமலே செய்யலாம்: இரண்டின் வர்க்கங்களின் கூடுதல் 169, பெருக்கற்பலனின் இரு மடங்கு 120, இரண்டையும் கூட்டினால் 289. அது நீளமும் அகலமும் சேர்ந்த தொகையின் வர்க்கம், ஆகவே தொகை 17, சுற்றளவு 34. புத்தகக் கணக்கு பிதாகரஸ் தேற்றத்தை மட்டும் கேட்டது, உங்கள் கணக்கு இயற்கணித முற்றொருமையையும் சேர்த்து இழுத்துவிட்டது. நீங்களே எண்களைப் போடும்போது இன்னொன்றும் நடக்கும். பரப்பை 100 என்று மாற்றிப் பாருங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம் 169-இல் 200 போக மைனஸ் 31 என்று வரும். அப்படி ஒரு செவ்வகமே கிடையாது. மூலைவிட்டம் 13 ஆக இருக்கும்போது பரப்பு 84.5-ஐத் தாண்ட முடியாது, அதுவும் சதுரமாக இருந்தால்தான் அவ்வளவு வரும். உங்கள் கணக்குக்கு விடை வராமல் போனால் உடனே அடித்துவிட்டு வேறு எண் போடாதீர்கள், ஏன் வரவில்லை என்பதையே அடுத்த கேள்வியாக எழுதுங்கள்.

இனி பதில் எழுதுகிற விஷயம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கேள்வி எழுதின கையோடு பதிலையும் எழுதினால் எல்லாம் சரியாகத்தான் வரும், ஏனென்றால் பக்கம் இன்னும் கண்முன்னே இருக்கிறது. இன்றைக்குக் கேள்வி மட்டும் எழுதி மூடி வையுங்கள். பதிலை நாளைக்கு, புத்தகத்தைத் தொடாமல், பேனாவால் எழுதுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் போதாது, மனதில் பாதி வாக்கியம் ஓடும்போதே "தெரியும்" என்று தாண்டிவிடுவோம். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார்கள், இன்னொரு பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்த பகுதிதான் அதிகம் நினைவில் இருந்தது. இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது, எழுதிப் பார்த்த பகுதி முந்திவிட்டது. படித்த உடனே "எல்லாம் புரியுது" என்று உங்களுக்குத் தோன்றுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கு, உங்கள் தேர்வோ அடுத்த வாரம்.

எழுதிய பதிலைத் திருத்தும்போது கொஞ்சம் கறாராக இருங்கள். இருட்டில் வைப்பது பற்றிய கேள்விக்கு மூன்று விஷயம் வர வேண்டும்: பழைய ஸ்டார்ச் இலையில் இருக்கும், மூடிய பகுதியும் கருநீலமாகலாம், அதனால் முடிவுக்கு வர முடியாது. "ஸ்டார்ச் இருக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்றில் ஒன்றுதான். "மற்றதும் எனக்குத் தெரியும்தானே" என்று உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளாதீர்கள், தாளில் இல்லாததை ஆசிரியர் பார்க்க முடியாது. இப்படி விட்டுப்போன கேள்விகளுக்கு மட்டும் ஒரு குறி போட்டு, ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதுங்கள். சரியாக வந்தவற்றைத் திரும்பத் திரும்ப எழுதி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். உங்களுக்குப் புரியாத இடத்திலிருந்து உங்களுக்குக் கேள்வியே தோன்றாது. புரிந்த பகுதியிலிருந்து ஐந்து கேள்வி எழுதியிருப்பீர்கள், புரியாத பகுதி சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் சரியாக வந்தும் தேர்வில் அடி விழுவது இதனால்தான். எழுதி முடித்ததும் பாடத்தின் துணைத்தலைப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கேள்வி எழுதினோம் என்று எண்ணுங்கள். படங்களையும் அட்டவணைகளையும் சேர்த்துத்தான். ஒன்றுகூட இல்லாத தலைப்பு எதுவோ அங்கேதான் உங்கள் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பகுதியை மறுபடி படித்துக் குறைந்தது ஒரு "விட்டுவிட்டால்" கேள்வியாவது எழுதுங்கள். வகுப்பில் படிக்கிற ஒருவரோடு தாளை மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது, அவருடைய ஓட்டை வேறு இடத்தில் இருக்கும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளும் இதற்குத்தான் பயன்படும்: அவை கேட்கிற தலைப்பை நீங்கள் தொட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நீங்கள் உண்டாக்குகிற சில கேள்விகளுக்குப் புத்தகத்தில் பதில் இருக்காது. அந்தப் பதிலை ஊகித்து எழுதி அதையே சரி என்று வைத்துக்கொண்டால் தவறான ஒன்றை உறுதியாக மனதில் பதித்துக்கொள்வீர்கள். அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் பக்க எண்ணை ஓரத்தில் குறியுங்கள். பக்க எண் போட முடியாத பதில், ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. உதாரணத்துக்கு, இலை கருநீலமாகவில்லை என்றால் அங்கே ஒளிச்சேர்க்கையே நடக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. அயோடின் காட்டுவது ஸ்டார்ச்சை மட்டும்தான். வெங்காயத்தின் பச்சை இலைகள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, ஆனால் சேமிப்பைச் சர்க்கரையாகத்தான் வைத்துக்கொள்கின்றன, அயோடின் ஊற்றினால் கருநீலம் வராது. இப்படி ஒரு கேள்வியோடு வகுப்புக்குப் போனால் ஆசிரியரும் உற்சாகமாகப் பதில் சொல்வார்.

உங்களுக்கு ஒரு வாரம் இருப்பதால் இன்று படித்து மாலையில் கேள்வி எழுதுங்கள், நாளை பதில், நாளை மறுநாள் விட்டுப்போனவை என்று நிதானமாகச் செய்யலாம். அடுத்த முறை ஒரே ஒரு மாலைதான் கிடைத்தது என்றால் பன்னிரண்டுக்கு ஆசைப்படாதீர்கள். பாடத்தில் உள்ள சோதனைகளையும் படங்களையும் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படியை விட்டால் என்ன, ஒரு பொருளை மாற்றினால் என்ன என்று இரண்டு கேள்வி எழுதிவிட்டு, ஒரு மணி நேரம் வேறு பாடம் படித்துவிட்டு வந்து பதில் எழுதுங்கள்.